0.48 சதவீதப் பிழையா? அரிமா மாதிரியின் முடிவை எழுதும் விதம்

புள்ளியியல் படிக்கும் மாணவர் ஒருவர் தன் திட்ட அறிக்கையைக் காட்டினார். மாதாந்திர விமானப் பயணிகளின் எண்ணிக்கையை, அதன் கடந்த கால எண்களைக் கொண்டே கணிக்கும் அரிமா மாதிரி. பக்கம் பக்கமாக வரைபடங்கள், கடைசியில் ஒரே வரியில் முடிவு: “ஏஐசி −483.4, சராசரிச் சதவீதப் பிழை 0.48. எனவே மாதிரி மிகத் துல்லியமானது.”

இரண்டு எண்களையும் கணினிதான் கொடுத்தது, அவர் எதையும் கூட்டிக் குறைக்கவில்லை. ஆனாலும் அந்த “எனவே”வுக்கு இரண்டில் எதுவும் துணை நிற்காது. ஏன் என்று அவரிடம் விளக்கப் போய், அரிமா முடிவை எப்படி எழுத வேண்டும் என்ற பேச்சாக அது நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். (அரிமா என்றால் தமிழில் சிங்கம். வகுப்பில் இந்தச் சிரிப்பு அடங்க எப்போதும் ஒரு நிமிடம் ஆகும்.)

அவர் எடுத்தது உலகம் முழுக்கப் பாடத்தில் வரும் தரவு. 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை, 144 மாதங்களுக்கான சர்வதேச விமானப் பயணிகளின் எண்ணிக்கை, ஆயிரங்களில். பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-இல் வெளியிட்ட நூலில் இதை வைத்துத்தான் பருவகால மாதிரியை விளக்கினார்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் `AirPassengers` என்று அடித்தாலே வந்துவிடும்.

தரவை ஒருமுறை கண்ணால் பார்த்தாலே ஒன்று தெரியும். 1949-இல் மிகக் குறைந்த மாதம் 104, மிக அதிகமான மாதம் 148. இடைவெளி 44. 1960-இல் குறைந்தது 390, அதிகம் 622. இடைவெளி 232. பயணிகள் பெருகப் பெருக, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. அதனால் எண்களை அப்படியே எடுக்காமல் அவற்றின் மடக்கையை எடுத்து மாதிரி கட்டுவார்கள். மடக்கையில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும். இந்த மடக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் குழப்பத்தில் பாதிக்கு அதுதான் காரணம்.

மாதிரியின் பெயர் ARIMA(0,1,1)(0,1,1)12. பயமுறுத்தும் பெயர், உள்ளே இருப்பது எளிமையானது. முதல் அடைப்பின் நடுவில் உள்ள 1, “போன மாதத்தைக் கழி” என்கிறது. இரண்டாம் அடைப்பின் நடுவில் உள்ள 1, “போன வருடத்தின் இதே மாதத்தைக் கழி” என்கிறது. இரண்டு கழித்தலுக்குப் பிறகு முதல் 13 மாதங்கள் போய்விடும். 144-இல் மிஞ்சுவது 131. ஒவ்வொரு அடைப்பின் கடைசியிலும் உள்ள 1 பிழையிலிருந்து கற்பது. இரண்டும் சேர்ந்து, போன மாதக் கணிப்பில் எவ்வளவு தவறினோம், போன வருடம் இதே மாதத்தில் எவ்வளவு தவறினோம் என்று பார்த்து அடுத்த கணிப்பைத் திருத்துகின்றன. ஆக, தரவிலிருந்து மதிப்பிட வேண்டியவை இரண்டு குணகங்களும் பிழையின் மாறுபாடும். மொத்தம் மூன்று.

சரி, ஏஐசிக்கு வருவோம். ஜப்பானியப் புள்ளியியலாளர் அகைகே கொடுத்த அளவுகோல் அது. மாதிரி தரவோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதை ஒரு பக்கம் வைத்து, அதற்காக எத்தனை அளபுருக்களைச் செலவழித்தோம் என்பதை மறுபக்கம் அபராதமாகச் சேர்க்கிறது:

```
AIC = -2 × logL + 2k
```

1959 டிசம்பர் வரையான 132 மாதங்களை மட்டும் வைத்து இந்த மாதிரியைப் பொருத்தினால், பொருத்தத்தை அளக்கும் logL 223.63 வரும். அளபுருக்களின் எண்ணிக்கையான k மூன்று. −447.26-உடன் 6-ஐக் கூட்டினால் −441.26. அவ்வளவுதான் கணக்கு. சிறியது நல்லது. கழித்தல் குறியைப் பார்த்து மிரள வேண்டாம். −441 என்பது −430-ஐவிடச் சிறியது, அதனால் அதுவே மேல்.

ஆனால் −441 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் மட்டும் ஓடி “நான் முதலிடம்” என்பதைப் போன்றது அது. ஏஐசிக்கு எப்போதும் பக்கத்தில் இன்னொரு மாதிரி வேண்டும். அந்த இன்னொன்றும் அதே தரவு, அதே அலகு, அதே அளவு கழித்தல் என்று ஒரே பாதையில் ஓடியிருக்க வேண்டும்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே தரவில் இரண்டு உதாரணம். மாணவரின் −483.4 முழு 144 மாதங்களுக்கானது. நான் மேலே போட்ட −441.26, 132 மாதங்களுக்கானது. இரண்டும் ஒரே மாதிரியின் எண்கள்தான். பன்னிரண்டு மாதத் தரவு கூடியதால் எண் இறங்கியது, மாதிரி ஒன்றும் சிறப்படையவில்லை.

இரண்டாவது உதாரணம் இன்னும் அடிக்கடி நடப்பது. மடக்கை எடுக்காமல் மூல எண்களையே ஆரின் தானியங்கித் தேர்வுக் கட்டளையிடம் கொடுத்தால், அது ARIMA(2,1,1)(0,1,0)12 என்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்து, ஏஐசி 1017.85 என்று சொல்லும். −483 எங்கே, 1018 எங்கே! “மடக்கை மாதிரி 1500 புள்ளிகள் மேல்” என்று எழுதத் தோன்றும். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அலகு மாறியதால் வந்தது. ரூபாயில் ஒரு விலையையும் பைசாவில் இன்னொரு விலையையும் போட்டு ஒப்பிட்டால் எப்படியோ அப்படி. நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால், மடக்கை மாதிரியின் ஏஐசியோடு, கழித்தலுக்குப் பின் மிஞ்சிய 131 மாதங்களின் மடக்கைகளைக் கூட்டி இரட்டித்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டல் சுமார் 735, இரட்டித்தால் 1470. −483-உடன் சேர்த்தால் ஏறத்தாழ 987. இப்போது இரண்டும் ஒரே அலகில்: 987, 1018. மடக்கை மாதிரி முப்பது புள்ளிகள் முன்னால் நிற்கிறது. அது நல்ல வித்தியாசம்தான். ஆயிரத்து ஐநூறு இல்லை.

பிஐசி என்ற தம்பியும் உண்டு. அளபுருவுக்கு இன்னும் கடுமையான அபராதம் போடுவான். தரவு குறைவாக இருக்கும்போது ஏஐசியைத் திருத்திய ஏஐசிசியைப் பார்ப்பது நல்லது. நம் 132 மாத மாதிரிக்கு ஏஐசிசி −441.05, பிஐசி −432.92. இந்த அளவுகோல்கள் எல்லாம் போட்டி மாதிரிகளுக்குள் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கானவை. தேர்ந்தெடுத்தவர் எதிர்காலத்தை எவ்வளவு சரியாகச் சொல்வார் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் போகும் முன் எச்சங்களைப் பார்க்க வேண்டும். உண்மை மதிப்பிலிருந்து மாதிரியின் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது எச்சம். அதில் எந்த ஒழுங்கும் இருக்கக் கூடாது. இருந்தால், மாதிரி எடுத்திருக்க வேண்டிய தகவல் இன்னும் உள்ளே கிடக்கிறது என்று பொருள். லியுங்–பாக்ஸ் சோதனை இதைப் பார்க்கும். அது தரும் p மதிப்பு மிகச் சிறியதாக இருந்தால் ஒழுங்கு மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். 24 மாதத் தாமதம் வரை சோதித்தால், முழுத் தரவில் பொருத்திய மடக்கை மாதிரிக்கு p மதிப்பு 0.23, மூல எண் மாதிரிக்கு 0.014. பின்னதில் ஏதோ ஒழுங்கு மிச்சம் இருக்கிறது. முன்னதில் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. “மாதிரி சரியென்று நிரூபணம்” என்று இதை எழுதிவிடாதீர்கள். சோதனையில் எதுவும் சிக்கவில்லை, அவ்வளவே. எத்தனை தாமதம் வரை சோதித்தீர்கள் என்பதையும் கூடவே எழுத வேண்டும், ஏனென்றால் அதை மாற்றினால் p மதிப்பும் மாறும்.

இப்போது அந்த 0.48.

மாணவர் முதலில் `log(AirPassengers)` என்று மடக்கை எடுத்து, அதற்கு மாதிரி பொருத்தி, `accuracy` கட்டளையைக் கொடுத்திருக்கிறார். திரையில் சராசரிச் சதவீதப் பிழை 0.475 என்று வந்தது. இது எதன் சதவீதம்? பயணிகளின் எண்ணிக்கையில் இல்லை, மடக்கையில். இந்தத் தரவில் மடக்கையின் சராசரி சுமார் 5.54. சராசரிப் பிழை 0.026. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் மடக்கையில் 0.026 பிழை என்றால், பயணிகள் எண்ணிக்கையில் அது சுமார் 2.6 சதவீதம். ஐந்து மடங்குக்கு மேல் குறைத்துக் காட்டிவிட்டது. ஆயிரங்களில் எண்ணாமல் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணியிருந்தால் மடக்கை இன்னும் பெரிதாகி, சதவீதம் இன்னும் சுருங்கியிருக்கும்! அலகை மாற்றினால் மாறும் சதவீதத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது.

அந்த 2.6-கூட முழுப் பதில் இல்லை. அது மாதிரி ஏற்கெனவே பார்த்த தரவின் மீது, ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் முன்னால் மட்டும் கணித்ததில் வந்த பிழை. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியது போல. உண்மையான துல்லியம் தெரிய, தரவின் கடைசித் துண்டை எடுத்து ஒளித்து வைக்க வேண்டும். வேறு துறைகளில் செய்வது போலக் குலுக்கி எடுக்கக் கூடாது. 1957-ஐ ஒளித்துவிட்டு 1958-ஐக் காட்டினால் எதிர்காலம் தெரிந்து கடந்த காலத்தைக் கணிப்பதாகிவிடும். நாம் 1960-ஐ முழுதாக ஒளிக்கலாம்:

```r
library(forecast)
train <- window(AirPassengers, end = c(1959, 12))
test  <- window(AirPassengers, start = c(1960, 1))
fit <- Arima(train, order = c(0,1,1),
             seasonal = c(0,1,1), lambda = 0)
accuracy(forecast(fit, h = 12), test)
accuracy(snaive(train, h = 12), test)
```

`lambda = 0` என்பதுதான் மடக்கை. கையால் மடக்கை எடுக்காமல் இப்படிக் கொடுத்தால், கணிப்பு தானாகவே பயணிகள் எண்ணிக்கைக்குத் திரும்பி வரும். மாணவரின் சிக்கல் இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அது ஒரு சோம்பேறிக் கணிப்பு: “1960-இன் ஒவ்வொரு மாதமும் 1959-இன் அதே மாதம் போலவே இருக்கும்.” இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். 1959 ஜனவரியில் 360, 1960 ஜனவரியில் 417, பிழை 57. பிப்ரவரியில் 342-க்கு 391, பிழை 49. இப்படிப் பன்னிரண்டு பிழைகளையும் கூட்டினால் 574. பன்னிரண்டால் வகுத்தால் சராசரிப் பிழை 47.8 ஆயிரம் பயணிகள். பெரிய பிழைகளுக்குக் கூடுதல் எடை தரும் வர்க்கமூலச் சராசரிப் பிழை 50.7. சதவீதத்தில் 10.

அரிமாவுக்கு அதே 1960-இல் வர்க்கமூலச் சராசரிப் பிழை 18-க்கும் 19-க்கும் இடையில், சதவீதப் பிழை 3-க்குச் சற்றுக் குறைவு. இப்போது ஒரு பொருள் வருகிறது. “3 சதவீதம்” என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியாது. எந்த உழைப்பும் இல்லாமல் 10 சதவீதத்தில் கணிக்கலாம், அரிமா அதை 3-க்குக் கொண்டு வந்தது என்று எழுதினால் தெரியும். எளிய கணிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைக்காத துல்லிய அட்டவணையை நான் பாதி அட்டவணை என்றே நினைக்கிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் மார்ச் மாதம். சராசரி 3 சதவீதம் என்றாலும் பன்னிரண்டு மாதங்களும் ஒரே மாதிரி இல்லை. 1960 மார்ச்சுக்கு மாதிரி சொன்னது சுமார் 466, உண்மையில் பறந்தது 419. ஒரே மாதத்தில் 11 சதவீதப் பிழை. அங்கே மட்டும் சோம்பேறிக் கணிப்பு அரிமாவைத் தோற்கடித்தது. அதன் பிழை வெறும் 13. ஏன் மார்ச்? 1959-இல் ஈஸ்டர் மார்ச் 29-இல் வந்தது. 1960-இல் ஏப்ரல் 17-க்குத் தள்ளிப் போனது. விடுமுறைப் பயணிகள் ஒரு மாதம் இடம் மாறினால் அரிமாவுக்கு எப்படித் தெரியும்? அதன் நாட்காட்டியில் மாதங்கள்தான் உண்டு, பண்டிகை இல்லை. இதே தரவை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் எக்ஸ்-13 நிரலிடம் கொடுத்தால், அது ஈஸ்டருக்கென்று தனியாக ஒரு மாறியைச் சேர்த்துக்கொள்கிறது. நம் ஊரில் தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே ஆடுவதும் இதே வகைச் சிக்கல்தான். துணி விற்பனைக்கு மாதிரி கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் சந்திப்பார்கள். சராசரியை மட்டும் எழுதி மாதவாரிப் பிழைகளைப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்தக் காரணம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

கணிப்பு எல்லையையும் அறிக்கையில் சொல்ல வேண்டும். மாதிரி “466” என்று ஒற்றை எண்ணை மட்டும் தருவதில்லை. 95 சதவீத எல்லையையும் தருகிறது. மார்ச்சுக்கு அதன் கீழ் எல்லை சுமார் 423. உண்மை 419. எல்லைக்கு மயிரிழை வெளியே. மற்றப் பதினொரு மாதங்களும் உள்ளேதான். பன்னிரண்டில் ஒன்று வெளியே போவது 95 சதவீத எல்லைக்கு விபரீதம் ஒன்றும் இல்லை. பாதி மாதங்கள் வெளியே போயிருந்தால், மாதிரி தன்னைப் பற்றி மிகையாக நம்புகிறது என்று எழுத வேண்டியிருக்கும். எல்லை எவ்வளவு விரிகிறது என்பதும் தகவல்தான்: ஜனவரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம் இரு பக்கமும், டிசம்பருக்குப் போகும்போது 17 சதவீதத்தைத் தொடும். பன்னிரண்டு மாதம் தள்ளிப் பார்ப்பதற்கு அதுதான் விலை.

மாணவர் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “ஒரே ஒரு வருடத்தை வைத்து எப்படி சார் நம்புவது?” நம்பக் கூடாதுதான். 1960-இன் பன்னிரண்டு பிழைகளும் 1959 டிசம்பரில் நின்றபடி செய்த ஒரே கணிப்பின் பிள்ளைகள். கணிப்புகளில் பெரும்பாலானவை சேர்ந்தே உண்மையைவிட மேலே போயின. ஆண்டு மொத்தத்தில் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதல். அதனால் பன்னிரண்டு தனித்தனிச் சாட்சிகள் என்று எண்ண முடியாது. தரவு போதுமான அளவு இருந்தால் தொடக்கப் புள்ளியை நகர்த்தலாம்: 1956 டிசம்பரில் நின்று அடுத்த 12 மாதங்களைக் கணிக்கவும், அப்புறம் 1957 ஜனவரியில் நின்று கணிக்கவும், இப்படியே மாதம் மாதமாக. ஒவ்வொரு முறையும் குணகங்களைப் புதிதாக மதிப்பிட வேண்டும். கடைசியில் ஒரு மாதம் முன்னால் எவ்வளவு பிழை, ஆறு மாதம் முன்னால் எவ்வளவு, பன்னிரண்டு மாதம் முன்னால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதலாம்.

இதோடு ஒரு கசப்பான விஷயமும் இருக்கிறது. 1960-ஐ நாம் ஒளித்து வைத்தோம் என்றேனே, அது முழு உண்மை இல்லை. இந்த மாதிரி வடிவத்தைப் பாக்ஸும் ஜென்கின்ஸும் 1960 வரையான தரவை வைத்தே விளக்கினார்கள். நாம் அதைப் புத்தகத்திலிருந்து எடுத்து வந்தோம். குணகங்கள் 1960-ஐப் பார்க்கவில்லை, வடிவம் பார்த்துவிட்டது. சொந்தத் தரவில் வேலை செய்பவர்களுக்கும் இது நடக்கும்: முழுத் தரவில் தானியங்கித் தேர்வை ஓட்டி வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு கடைசி வருடத்தை வெட்டிச் “சோதனை” செய்வார்கள். வடிவத்தைத் தேடுவதும் பயிற்சித் துண்டுக்குள்ளேயே முடிய வேண்டும். முடியாவிட்டால், அதை ஒளிக்காமல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

குணகங்களை எழுதும்போது குறியைக் கவனிக்கவும். ஆர், −0.3484 என்று காட்டும் அதே குணகம், பாக்ஸ்–ஜென்கின்ஸ் நூலின் முறையில் நேர்க்குறி பெறும். எந்த மென்பொருள் என்று எழுதிவிட்டால் படிப்பவர் புரிந்துகொள்வார்.

எல்லாம் பேசி முடித்த பிறகு மாணவரின் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக நாங்கள் சேர்ந்து எழுதியது இது:

“1949 ஜனவரி முதல் 1959 டிசம்பர் வரையான 132 மாதங்களுக்கு, மடக்கை எடுத்தபின், ARIMA(0,1,1)(0,1,1)12 மாதிரி ஆரின் forecast தொகுப்பில் பெருமச் சாத்திய முறையில் பொருத்தப்பட்டது. குணகங்கள் −0.348 (திட்டப்பிழை 0.094), −0.562 (0.077). ஏஐசிசி −441.05, பிஐசி −432.92, இவை மடக்கை அளவிலானவை. 1960-இன் 12 மாதங்கள் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. ஆனால் மாதிரியின் வடிவம் முழுத் தரவை அறிந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது. 1959 டிசம்பரிலிருந்து செய்த கணிப்பில், பயணிகள் எண்ணிக்கையின் அளவில், சராசரிச் சதவீதப் பிழை சுமார் 3. முந்தைய ஆண்டின் அதே மாதத்தை அப்படியே எடுக்கும் கணிப்புக்கு 10. பதினொரு மாதங்கள் 95 சதவீத எல்லைக்குள் இருந்தன. மார்ச் வெளியே இருந்தது. 1959-இல் மார்ச்சிலும் 1960-இல் ஏப்ரலிலும் வந்த ஈஸ்டர் இதற்குக் காரணமாக இருக்கலாம். முழுத் தரவில் மறுபடி பொருத்தியபோது எச்சங்களில் தொடர்பு தென்படவில்லை (லியுங்–பாக்ஸ், தாமதம் 24, p = 0.23).”

படித்துவிட்டு, “0.48 என்று இருந்தபோது பார்க்க அழகாக இருந்தது சார்” என்றார். அடுத்த வாரம் ஈஸ்டர் மாறியைச் சேர்த்து மார்ச்சுக்கு மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.